கதவின் குடுமி எங்கே இருக்கிறது?

பழைய வீட்டுக் கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவின் ஓர் ஓரத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு முளைகளை ஆசாரி விட்டுவைத்திருப்பார். கீழ்முளை நிலைப்படியில் தோண்டிய குழியில் உட்காரும். மேல்முளை நிலையின் மேற்கட்டையில் உள்ள துளைக்குள் நுழையும். அந்த முளைக்குக் குடுமி என்று பெயர். தேக்குக் கதவு எத்தனை கனமானாலும் அந்த இரண்டு குடுமிகளின் மேல்தான் திரும்பும். குடுமி எந்தப் பக்கம் வரவேண்டும் என்பது மரத்தை அறுக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பின்னால் கொண்டுவந்து ஒட்டவைக்க முடியாது. அந்தக் கட்டையிலிருந்தே செதுக்கி எடுக்க வேண்டியது அது.

கணினி விளையாட்டுகளுக்குக் கதவு, நாற்காலி, விளக்கு, தூண் என்று பொருள்கள் செய்துதருவது என் வேலை. இவற்றை ப்ராப் என்போம். ப்ளெண்டர் என்ற மென்பொருளில் உருவத்தைச் செய்து, கோப்பாக ஏற்றுமதி செய்து, யூனிட்டி, அன்ரியல், கோடோ போன்ற ஏதாவது ஒரு கேம் எஞ்ஜினுக்குள் கொண்டுபோய் வைக்கிறோம். நான் முதலில் செய்த கதவு ப்ளெண்டரில் பார்க்க நன்றாகவே இருந்தது. சட்டம், பலகை, பித்தளைக் குமிழ் எல்லாம் இருந்தன. விளையாட்டுக்குள் வைத்துத் திறந்தபோது, அது தன் நடுவில் ஓர் அச்சு இருப்பதுபோலச் சுழன்றது. பாதிக் கதவு அறைக்குள் வந்தது, மறுபாதி வெளிப்பக்கம் போனது. வாசல் நடுவில் குறுக்கே நின்ற அந்தப் பலகை யாரையும் உள்ளே விடவில்லை. கதவில் எல்லாம் இருந்தது, குடுமி மட்டும் இடம் மாறியிருந்தது.

அந்தக் குடுமிக்கு எங்கள் தொழிலில் பிவட் என்று பெயர். ப்ளெண்டரில் அதையே ஆரிஜின் என்பார்கள். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால் அதன் மேல் சின்ன ஆரஞ்சுப் புள்ளி ஒன்று தெரியுமே, அதுதான்.

இந்தப் புள்ளி உண்மையில் என்ன என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கணினிக்குக் கதவு என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பட்டியல்: முதல் முனை இங்கே, இரண்டாவது முனை அங்கே என்று ஒவ்வொரு மூலைக்கும் மூன்று எண்கள். அந்த எண்களை எங்கிருந்து அளக்கிறோமோ அந்தச் சுழியம்தான் ஆரிஜின். துணி அளக்கிறவர் அளவுநாடாவின் நுனியை எங்கே பிடிக்கிறாரோ அதைப் போன்றது. பொருளைத் திருப்பு என்று எஞ்ஜினுக்குச் சொன்னால், அது பட்டியலில் உள்ள எல்லா முனைகளையும் அந்தச் சுழியத்தைச் சுற்றித் திருப்புகிறது. வேறு எதைச் சுற்றியும் திருப்ப அதற்குத் தெரியாது.

90 சென்டிமீட்டர் அகலக் கதவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுழியம் நடுவில் இருந்தால், ஓர் ஓரம் -0.45 மீட்டரில், மறு ஓரம் 0.45 மீட்டரில். 90 பாகை திருப்பினால் இரண்டு ஓரமும் நகர்கின்றன. நகராமல் நிற்பது நடுப்பகுதி மட்டுமே. அதே கதவில் சுழியத்தைக் குடுமி ஓரத்துக்குக் கொண்டுபோனால், அந்த ஓரம் 0, மறு ஓரம் 0.9. இப்போது திருப்பினால் குடுமி ஓரம் நின்ற இடத்திலேயே நிற்கும், மறு ஓரம் மட்டும் வளைந்து திறக்கும். உருவத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. அளக்கத் தொடங்கிய இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

இனி அந்தக் கதவைச் செய்து பார்ப்போம். அகலம் 0.9 மீட்டர், உயரம் 2.1 மீட்டர், தடிமன் 4 சென்டிமீட்டர். ப்ளெண்டர் திறந்ததும் வருகிற கனசதுரம் பக்கத்துக்கு 2 மீட்டர். அதையே நசுக்கியும் நீட்டியும் இந்த அளவுக்குக் கொண்டுவருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். `N` விசையை அழுத்தினால் பக்கவாட்டில் திறக்கும் பலகையில், `Scale` என்பதற்கு நேரே 0.450, 0.020, 1.050 என்று மூன்று எண்கள் இருக்கும். இதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது ஆரஞ்சுப் புள்ளி கதவின் நடு வயிற்றில் இருக்கிறது. அதை நகர்த்த, `Tab` அழுத்தி உருவத்தைத் திருத்தும் நிலைக்குப் போகிறோம். குடுமி ஓரத்தின் அடிமூலையில் உள்ள முனையைத் தேர்ந்தெடுக்கிறோம். `Shift+S` அழுத்தினால் வரும் வட்டப் பட்டியலில் `Cursor to Selected` கொடுத்தால், சிவப்பும் வெள்ளையுமான வட்டக் குறி ஒன்று அந்த முனைக்கு வந்து உட்காரும். அதற்கு 3டி கர்சர் என்று பெயர். மீண்டும் `Tab` அழுத்தி வெளியே வந்து, `Object` பட்டியலில் `Set Origin`, அதற்குள் `Origin to 3D Cursor`. ஆரஞ்சுப் புள்ளி மூலைக்கு நகர்ந்துவிடும். கதவு அசையாது.

எந்த மூலை என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஓரத்தில் இருந்தால் போதும் என்று தடிமனின் நடுவே வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தால், கதவின் தடிமனில் 2 சென்டிமீட்டர் அச்சுக்கு முன்னால், 2 சென்டிமீட்டர் பின்னால். 90 பாகை திறந்ததும் முன்னால் இருந்த அந்த 2 சென்டிமீட்டர் பக்கவாட்டுக்குத் திரும்பி நிலைக்கட்டைக்குள் புகுந்து நிற்கும். தூரத்திலிருந்து தெரியாது. ஆட்டக்காரர் அருகே வந்து பார்த்தால், கதவும் நிலையும் ஒன்றையொன்று விழுங்கிக் கிடக்கும். நிஜக் கீலைக் கவனியுங்கள். அதன் உருளை கதவின் தடிமன் நடுவில் இருக்காது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கத்து முகத்தோடு ஒட்டி வெளியே நிற்கும். அங்கே அச்சு இருந்தால் முழுத் தடிமனும் அச்சுக்கு ஒரே பக்கத்தில் அடங்கிவிடும், எந்தக் கோணத்திலும் நிலையை இடிக்காது. ஆகவே கீல் கதவுக்கு ஆரிஜின் வைக்க வேண்டிய முனை, திறக்கும் பக்கத்து முகத்தின் ஓரமூலை.

குடுமிக் கதவுக்குக் கணக்கு வேறு. குடுமி பலகையின் உள்ளேயே இருக்கிறது. ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டர் உள்ளே, தடிமனின் நடுவில் என்று வைப்போம். அச்சிலிருந்து ஓரம் 2 சென்டிமீட்டர்தான், ஆனால் மூலை ஏறத்தாழ 2.8 சென்டிமீட்டர். 45 பாகை திரும்பும்போது அந்த மூலை நிலைப் பக்கம் 8 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு வரும். ஒன்று, நிலைக்கும் கதவுக்கும் நடுவே அந்த அளவு இடைவெளி விட வேண்டும், அல்லது ஓரத்தை அரைவட்டமாக உருட்டிவிட வேண்டும். உருட்டிவிட்டால் எந்தக் கோணத்திலும் ஓரம் அச்சிலிருந்து அதே 2 சென்டிமீட்டர்தான். செட்டிநாட்டு வீடு ஒன்றை விளையாட்டுக்காகச் செய்தால் நான் இதைத்தான் செய்வேன். ஆரிஜினைக் குடுமியின் மையத்தில் வைத்து, அந்த ஓரத்தை உருட்டுவேன். கதவு திறக்கும் விதத்திலேயே அது எந்தக் காலத்துக் கதவு என்று தெரியும்.

ஆரிஜினை வைத்தாயிற்று. திருப்பிப் பார்க்க `R`, `Z`, `90` என்று தட்டுகிறோம். கதவு சரியாகத் திறக்கிறது. இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. ப்ளெண்டர் திரையின் மேற்பக்கத்தில் `Transform Pivot Point` என்று ஒரு சிறு பட்டியல் உண்டு. அதில் `3D Cursor` தேர்வாகியிருந்தால், நீங்கள் எதைத் திருப்பினாலும் அது கர்சரைச் சுற்றியே திரும்பும், ஆரிஜின் எங்கே இருந்தாலும் சரி. கர்சர் ஏற்கெனவே குடுமி மூலையில் இருக்கிறது. ஆக, ஆரிஜினை நகர்த்த மறந்திருந்தாலும் கதவு ப்ளெண்டரில் அழகாகத் திறக்கும். எஞ்ஜினுக்குப் போனதும் நடுவைப் பிடித்துச் சுழலும். அந்தப் பட்டியல் உங்கள் கைவேலையின் வசதிக்காக மட்டும் இருப்பது. அது கோப்போடு போகாது. பெயரிலேயே பிவட் என்று இருப்பதால் புதியவர்கள் நம்பிவிடுகிறார்கள். சோதிக்கும் முன் அதை `Median Point` அல்லது `Individual Origins` என்று மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். நம்ப வேண்டியது ஆரஞ்சுப் புள்ளியை மட்டும்தான்.

யூனிட்டியில் இதற்கு நேரெதிரான மயக்கம் காத்திருக்கிறது. அங்கே திரையில் `Pivot`, `Center` என்று மாறிமாறி வைக்கும் பொத்தான் ஒன்று உண்டு. `Z` விசையும் அதையே செய்யும். `Center` என்று இருந்தால், பிவட் சரியாக மூலையில் இருந்தாலும் நகர்த்தும் அம்புக்குறிகள் பொருளின் நடுவில்தான் தெரியும், கையால் திருப்பினாலும் நடுவைச் சுற்றியே திரும்பும். இதைப் பார்த்துவிட்டு, ஏற்றுமதி கெட்டுவிட்டது என்று நினைத்து ப்ளெண்டருக்கு ஓடி, சரியாக இருந்த ஆரிஜினை மாற்றிக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது அந்த மூன்று எண்கள். 0.450, 0.020, 1.050. கணினியின் கணக்கில் நம் பொருள் இன்னும் 2 மீட்டர்க் கனசதுரம்தான். அதை இந்த மூன்று எண்களால் பெருக்கித்தான் கதவாகக் காட்டுகிறது. கதவு தனியாக இருக்கும்வரை தொல்லை தெரியாது. கதவின் மேல் ஒரு பித்தளை வளையத்தைத் தொங்கவிட்டு, அதைக் கதவின் பிள்ளையாக இணைத்திருந்தால், எஞ்ஜினுக்குள் வளையத்தைத் தூக்கித் தட்டும்போது அது கோணிக்கொண்டு நீளும். பெற்ற பொருளின் சமமில்லாத அளவுகள் பிள்ளை திரும்பும்போது அதையும் இழுக்கின்றன. இதற்கு மருந்து `Ctrl+A` அழுத்தி `Rotation & Scale` கொடுப்பது. மூன்று எண்களும் 1.000 ஆகிவிடும், உருவம் அப்படியே இருக்கும்.

அதே பட்டியலில் `All Transforms` என்றும் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அடியில் சுத்தம் செய்வதுபோல் தோன்றும். அதைத் தொட்டால் இடத்தையும் சேர்த்துச் சுழியமாக்கிவிடும். அதாவது ஆரிஜின் குடுமியை விட்டுவிட்டு, காட்சியின் நடுப்புள்ளிக்கு ஓடிவிடும். நம் கதவு 3 மீட்டர் அகலச் சுவர்த்துண்டு ஒன்றின் நடுவில் இருக்கிறது, அந்தச் சுவரின் இடது மூலை காட்சியின் சுழியத்தில் இருக்கிறது என்று வைப்போம். 3-லிருந்து 0.9 போக மீதி 2.1; அதில் பாதி 1.05. குடுமி சுவர் மூலையிலிருந்து 1.05 மீட்டர் தள்ளி இருக்கிறது. `All Transforms` கொடுத்த பிறகு கதவைத் திறந்தால், அது நிலையை விட்டுக் கழன்று, 1.05 மீட்டருக்கு அப்பால் உள்ள சுவர் மூலையை மையமாக வைத்துப் பெரிய வளைவில் வீசிக்கொண்டு போகும்.

அன்ரியலில் இந்தப் பிழை நீங்கள் எதையும் தவறாகத் தொடாமலே வரக்கூடும். அசையாப் பொருளை FBX கோப்பிலிருந்து உள்ளே எடுக்கும்போது, `Transform Vertex to Absolute` என்ற தேர்வு இயல்பாகவே போட்டிருக்கும் வழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு. பொருளின் ஆரிஜினை விட்டுவிட்டு, ஏற்றுமதி செய்த காட்சியின் சுழியத்தையே பிவட்டாக எடுத்துக்கொள் என்பதுதான் அதன் பொருள். அன்ரியலுக்குப் பொருள் செய்கிறவர்கள் ஒவ்வொன்றையும் காட்சியின் நடுவுக்குக் கொண்டுவந்து ஏற்றுமதி செய்வது இதனால்தான். ப்ளெண்டரில் `Alt+G` அழுத்தினால் பொருளின் ஆரிஜின் நேரே காட்சியின் சுழியத்துக்கு வந்துவிடும். இரண்டு சுழியங்களும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்த பிறகு, எந்த எஞ்ஜின் எதைப் பிடித்துக்கொண்டாலும் கவலையில்லை. எந்த எஞ்ஜினுக்குப் போகும் என்று தெரியாத ப்ராப்களுக்கும் நான் இதையே செய்கிறேன்.

இடம் சரியானாலும் திசை தவறலாம். ப்ளெண்டரில் மேல்நோக்கும் அச்சு இசட். அன்ரியலிலும் இசட்தான். யூனிட்டியிலும் கோடோவிலும் மேல்நோக்குவது ஒய். ப்ளெண்டரிலிருந்து FBX கோப்பாக வழக்கமான அமைப்பில் யூனிட்டிக்குக் கொண்டுபோனால், இந்த வேறுபாட்டைச் சரிக்கட்ட, பொருளின் மேல் எக்ஸ் அச்சில் -90 பாகைத் திருப்பம் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். சிலசமயம் அது -89.98 என்றும் தெரியும். கதவு நிமிர்ந்து நிற்பதே அந்த -90-ஆல்தான். உள்ளே அதன் உயரம் இன்னும் இசட் அச்சில் கிடக்கிறது.

நிரல் எழுதுபவருக்கு இது தெரியாது. கதவு திறக்க வேண்டும், ஒய் அச்சில் 90 பாகை என்று எழுதுவார். ஏற்கெனவே இருந்த -90-ஐ அழித்துவிட்டுத் தன் எண்ணை அவர் வைத்தால், கதவு தரையில் படுத்துவிடும். அழிக்காமல் பொருளின் சொந்த ஒய் அச்சில் திருப்பினால், அந்த அச்சு இப்போது கதவின் தடிமனுக்கு நேரே இருப்பதால், கதவு சுவரோடு சுவராகக் கடிகார முள்போல் சுற்றும். மூடிய நிலையை முதலில் நினைவில் வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுத் திருப்பத்தைச் சேர்ப்பதே நிரலில் செய்யக்கூடிய பாதுகாப்பான வழி.

```csharp
Quaternion closed;

void Start() {
    closed = transform.localRotation;
}

void Open() {
    transform.localRotation =
        Quaternion.Euler(0, 90, 0) * closed;
}
```

பெருக்கலின் வரிசை முக்கியம். புதுத் திருப்பம் இடப்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் அது சுவரின் ஒய் அச்சைச் சுற்றித் திருப்பும். ஆனால் பொருள் செய்தவர் தன் வேலையை முடிக்காமல் நிரலாளரிடம் தள்ளிவிடுவது நியாயமில்லை என்பது என் எண்ணம். யூனிட்டியில் கோப்பைத் தேர்ந்தெடுத்து, `Model` பக்கத்தில் `Bake Axis Conversion` என்பதைப் போட்டுவிட்டால், திருப்பம் முனைகளுக்குள்ளேயே கரைந்துவிடும்; பொருளின் மேல் 0, 0, 0 என்றே தெரியும். கோடோவுக்குப் பொதுவாகப் பயன்படும் glTF வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஒய்தான் மேல், அளவு மீட்டரில்தான் என்று அந்த வடிவத்தின் விதியே சொல்லிவிடுகிறது; ப்ளெண்டர் எழுதும்போதே முனைகளை மாற்றி எழுதிவிடும்.

இதுவரை திரும்புவதைப் பார்த்தோம். பிவட்டின் இன்னொரு வேலை ஒட்டுவது, தொழிலில் ஸ்னாப் என்பது. பெரிய கட்டடங்களை விளையாட்டில் யாரும் ஒரே உருவமாகச் செய்வதில்லை. சுவர்த்துண்டு, தரைத்துண்டு, மூலைத்தூண், வாசல் என்று சில துண்டுகளைச் செய்துவிட்டு, அவற்றையே திரும்பத் திரும்ப அடுக்குகிறார்கள். 2011-இல் வந்த ஸ்கைரிம் விளையாட்டின் குகைகளும் கோட்டைகளும் இப்படி எழுந்தவை. அதை உருவாக்கிய குழுவின் ஜோயல் பர்ஜெஸ், நேதன் பர்கிபைல் இருவரும் 2013-இல் ஜிடிசி மாநாட்டில் அந்த முறையை விரிவாக விளக்கினார்கள். ஒவ்வொரு துண்டும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஓர் அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பது அதில் அடிப்படை.

எஞ்ஜினில் கட்டத்தை 1 மீட்டர் என்று வைத்து ஸ்னாப்பை இயக்கினால், பொருள் 1 மீட்டர், 2 மீட்டர் என்று தாவித்தாவி நகரும். உண்மையில் கட்டத்தில் ஒட்டுவது பொருளின் ஓரம் என்று கண் நினைக்கும். ஒட்டுவது பிவட். ஓரம் எங்கே விழும் என்பது பிவட்டிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது.

3 மீட்டர்ச் சுவரின் பிவட் நடுவில் இருக்கிறது என்போம். அதை 0-வில் வைத்தால் ஓரங்கள் -1.5-லும் 1.5-லும் விழுகின்றன. அடுத்த 3 மீட்டர்ச் சுவரை 3-இல் வைத்தால் அது 1.5-இல் தொடங்கும். சரியாக ஒட்டிவிட்டது. ஒரே அளவுத் துண்டுகளை வைத்துச் சோதிக்கிறவர் இதோடு திருப்தியடைந்துவிடுவார். இப்போது 2 மீட்டர்ச் சுவர் ஒன்றைப் பக்கத்தில் வைக்கப் பாருங்கள். அது 1.5-இல் தொடங்க வேண்டுமானால் அதன் நடு 2.5-இல் இருக்க வேண்டும். 1 மீட்டர்க் கட்டத்தில் 2.5 என்ற இடமே இல்லை. ஒன்று அரை மீட்டர் இடைவெளி, அல்லது அரை மீட்டர் ஒன்றன்மேல் ஒன்று. பிவட்டை இடது அடிமூலைக்குக் கொண்டுபோங்கள். 3 மீட்டர்ச் சுவர் 0-வில் தொடங்கி 3-இல் முடியும். 2 மீட்டர்ச் சுவரை 3-இல் வைத்தால் 5-இல் முடியும். அகலம் முழு மீட்டராக இருக்கும்வரை எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் ஒட்டும்.

சுவரின் தடிமனில் பிவட் எங்கே என்ற கேள்வி இங்கேயும் வருகிறது. 20 சென்டிமீட்டர்த் தடிமன் கொண்ட சுவருக்கு நான் நடுக்கோட்டைத்தான் எடுப்பேன். உட்புறம் வெளிப்புறம் எப்படித் திருப்பினாலும் சுவர் அதே கோட்டில் நிற்கும். இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு சுவர்கள் மூலையில் 90 பாகையில் சந்திக்கும்போது, வெளிமூலையில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக ஓர் ஓட்டை விழும். அதை மூட ஒரு மூலைத்தூண் செய்து, அதன் பிவட்டை அதன் நடுவில் வைத்து, இரண்டு சுவர்களின் பிவட்டும் சந்திக்கும் அதே புள்ளியில் நிறுத்திவிடலாம்.

தரைத்துண்டுக்கு மட்டும் மூலைப் பிவட் எனக்குப் பிடிக்காது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைப் போல ஒரே கல்லைத் திருப்பித் திருப்பி வைத்துப் பூவேலை காட்ட வேண்டுமானால், மூலையைச் சுற்றித் திருப்பிய கல் தன் கட்டத்தை விட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். நடுவில் பிவட் இருந்தால் எத்தனை முறை திருப்பினாலும் அதே கட்டத்தில் நிற்கும். எல்லாக் கற்களும் ஒரே அளவு என்பதால் முன்சொன்ன அரை மீட்டர்ச் சிக்கலும் இல்லை.

மற்ற ப்ராப்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தரையில் நிற்கும் குத்துவிளக்குக்கும் குடத்துக்கும் அடியின் நடு. வண்டிச் சக்கரத்துக்கு அச்சாணி நுழையும் துளையின் மையம். வாளுக்குக் கை பிடிக்கும் இடம். கூரையில் தொங்கும் விளக்குக்குச் சங்கிலியின் மேல் நுனி.

கையால் வைக்க வேண்டிய இந்தப் புள்ளியைக் கணினியே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது தவறு. ப்ளெண்டரின் `Origin to Geometry` வழக்கமாகச் செய்வது எல்லா முனைகளின் சராசரியைக் கண்டு அங்கே ஆரிஜினை வைப்பது. கதவுப் பலகைக்கு எட்டு முனைகள் போதும். வழுவழுப்பான பித்தளைக் குமிழுக்கு ஐந்நூறு முனைகள் இருக்கும். சராசரி குமிழின் பக்கம் சாய்ந்துவிடும். எல்லைப்பெட்டியின் நடுவை எடு என்று சொன்னாலும் அதேபோல்தான். சுவரின் ஒரு பக்கம் 3 சென்டிமீட்டர் துருத்தும் வேலைப்பாடு இருந்தால், நடுப்புள்ளி 1.5 சென்டிமீட்டர் விலகிவிடும்; அடுக்குகிற ஒவ்வொரு சுவரும் கோட்டை விட்டு அந்த அளவு தள்ளி நிற்கும். வேலைப்பாடு எங்கே வேண்டுமானாலும் துருத்தலாம். பிவட் மட்டும் சுவரின் உண்மையான அளவிலிருந்து வர வேண்டும்.

இரட்டைக் கதவுக்கு ஒரு குறிப்பு. இடது கதவைச் செய்துவிட்டு, அகலத்தின் திசையில் -1 என்று பெருக்கி வலது கதவை எடுப்பது எல்லோரும் செய்வது. குடுமியும் தானாக மறுபக்கத்துக்கு வந்துவிடும். ஆனால் அந்த -1-ஐ அப்படியே விட்டு ஏற்றுமதி செய்யக் கூடாது. `Ctrl+A` கொடுத்துக் கரைத்த பிறகு, `Face Orientation` என்ற காட்சியைப் போட்டுப் பார்க்க வேண்டும். வெளிமுகம் நீலமாகத் தெரிந்தால் சரி. சிவப்பாக இருந்தால் முகங்கள் உள்வெளியாகப் புரண்டுவிட்டன. எஞ்ஜினில் கதவின் முன்பக்கம் காணாமல் போகும். திருத்தும் நிலையில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Shift+N` அழுத்தினால் சரியாகும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, எஞ்ஜினில் ஒரு வெற்றுக் காட்சியைத் திறந்து, ப்ராப்பை 0, 0, 0-வில் வைக்கிறேன். அடி தரையைத் தொடுகிறதா, ஓரம் கட்டக் கோட்டின் மேல் விழுகிறதா என்று பார்க்கிறேன். பிறகு 90, 180, 270 என்று திருப்புகிறேன். நடுவைப் பிடித்துச் சுழன்றால் ஆரிஜினை நகர்த்தவே இல்லை. பெரிய வளைவில் வீசினால் ஆரிஜின் காட்சியின் சுழியத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கடிகார முள்ளாகச் சுற்றினால் அல்லது படுத்துவிட்டால் அச்சு மாறியிருக்கிறது. எந்தப் பிழை என்பதைப் பொருள் திரும்பும் விதமே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் சோதனையை முதல் கதவோடேயே செய்துவிட வேண்டும் என்பதை நான் ஒரு தவறின் மூலம் கற்றேன். ஒரு விளையாட்டில் என் கதவை நிலை வடிவமைப்பாளர் ஏறத்தாழ இருநூறு வாசல்களில் வைத்து முடித்திருந்தார். அதன் பிறகுதான் பிவட் நடுவில் இருப்பதை நான் கவனித்து, திருத்தி, அதே பெயரில் கோப்பை மாற்றி வைத்தேன். எஞ்ஜின் ஒவ்வொரு கதவுக்கும் நினைவில் வைத்திருந்தது பிவட்டின் இடத்தை. பிவட் ஓரத்துக்குப் போனதும் இருநூறு கதவுகளும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் 45 சென்டிமீட்டர் நகர்ந்து சுவருக்குள் புகுந்தன. அவருடைய ஒரு வார வேலை அது. பழைய கோப்பைத் திரும்ப வைத்துவிட்டு வேறு வழி தேடினேன். கதவின் மூலப் பிரதிக்குள், பழைய பிவட் இருந்த இடத்தை அப்படியே விட்டு, அதன்கீழ் வெற்றுப் பொருள் ஒன்றைக் குடுமியின் இடத்தில் வைத்து, கதவை அந்த வெற்றுப் பொருளின் பிள்ளையாக்கினேன். கதவைத் திறக்கும் நிரல் இனி அந்த வெற்றுப் பொருளைத் திருப்பும். கதவு அதோடு சேர்ந்து திரும்பும். மூலப் பிரதி ஒன்றை மாற்றியதும் இருநூறு இடங்களிலும் மாறியது, எந்தக் கதவும் இடம்பெயரவில்லை. அந்த வெற்றுப் பொருளுக்கு `Kudumi` என்று பெயர் வைத்தேன். இன்றும் என் கோப்புகளில் அதே பெயர்தான்.